அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும்போது வுட், குட், வில்: பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காகப் பெங்களூருக்கு வரும் தமிழர்கள் காய்கறிக் கடையிலும் ஆட்டோவிலும் தமிழையும் அரைகுறைக் கன்னடத்தையும் வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள். வீட்டு உரிமையாளருக்கோ, அலுவலக மேலாளருக்கோ, அடுக்ககச் சங்கச் செயலாளருக்கோ எதையாவது எழுதிக் கேட்க வேண்டி வந்தால் ஆங்கிலத்தைத் தவிர வேறு பொதுமொழி கிடைப்பதில்லை. அப்படி எழுதும் கோரிக்கை பணிவாக ஒலிக்கிறதா, கெஞ்சலாக ஒலிக்கிறதா, அதட்டலாக ஒலிக்கிறதா என்பதைப் பெரும்பாலும் மூன்று துணைவினைகள் முடிவு செய்கின்றன: வுட், குட், வில். இங்கே குட் என்று எழுதுவதெல்லாம் ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவம். ‘நல்லது’ என்னும் பொருளில் வரும் குட் அன்று.

தமிழில் மரியாதையை வினையின் விகுதியே சுமந்துகொள்கிறது. ‘அனுப்பு’ என்பதை ‘அனுப்புங்கள்’ என்றாலே பாதி வேலை முடிந்துவிடும். ‘அனுப்புங்களேன்’ என்றால் இன்னும் இளகிவிடும். ஆங்கிலத்தின் ‘யூ’ குழந்தைக்கும் ஒன்றுதான், நிறுவனத் தலைவருக்கும் ஒன்றுதான். வினைக்கு மரியாதை விகுதியும் கிடையாது. ஆகவே நம்மில் பலர் மரியாதையை வெளியிலிருந்து ஒட்டவைக்கிறோம்: “சார், கைண்ட்லி சென்ட் த டெபாசிட் அமௌண்ட்.” சார், கைண்ட்லி இரண்டும் இருந்தாலும் நடுவில் இருக்கும் ‘சென்ட்’ வெறும் ஏவல்தான். இந்திய அலுவலகங்களில் இது பழகிப்போன நடை என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் லண்டனிலோ சிகாகோவிலோ இருக்கும் ஒருவர் இதைப் படித்தால், அந்தக் கைண்ட்லி சுற்றறிக்கையில் வரும் கைண்ட்லியைப் போல, மேலிருந்து கீழே வரும் உத்தரவாக ஒலிக்கும்.

முதல் படி: நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று பாருங்கள்

“குட் யூ சென்ட் இட்?” என்று எழுதினால், அனுப்புவது உங்களுக்கு இயலுமா என்று கேட்கிறீர்கள். “வுட் யூ சென்ட் இட்?” என்று எழுதினால், அனுப்ப உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கிறீர்கள். “வில் யூ சென்ட் இட்?” என்பதும் சம்மதத்தைத்தான் கேட்கிறது, ஆனால் ‘ஒருவேளை நான் கேட்டால்’ என்கிற திரை இல்லாமல், நேருக்கு நேராகக் கேட்கிறது. குட், வுட் இரண்டும் வடிவத்தில் இறந்தகாலத்தைச் சேர்ந்தவை. கோரிக்கையில் அவை நடந்து முடிந்ததைக் குறிப்பதில்லை. பேச்சை நிகழ்காலத்திலிருந்து ஓரடி தள்ளிவைக்கின்றன. அந்த ஓரடிதான் அவற்றின் பணிவு.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிட்டு, குட்டும் வுட்டும் ஒரே அளவு பணிவானவை என்று சொல்லிவிடும். பணிவில் ஏறக்குறைய ஒன்றுதான். உறுதியில் அவை ஒன்றல்ல. நடைமுறைக்கு மிகவும் பயன்படும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் படி: கோரிக்கையின் கீழே மறுப்பை எழுதிப் பாருங்கள்

எழுதிய கோரிக்கையை அனுப்புவதற்கு முன், அதை மறுக்க நினைப்பவர் என்ன சொல்லியாக வேண்டும் என்று மனத்துக்குள் எழுதிப் பாருங்கள். “குட் யூ ப்ளீஸ் சென்ட் இட் டுடே?” என்பதற்கு, “இன்று முடியாதே, வங்கி வரம்பு தீர்ந்துவிட்டது” என்று பதில் வரலாம். சொன்னவருக்கும் சங்கடமில்லை, கேட்டவருக்கும் அவமானமில்லை. சூழ்நிலைதான் மறுத்தது; மனிதர் மறுக்கவில்லை. “வுட் யூ ப்ளீஸ் சென்ட் இட் டுடே?” என்பதை மறுப்பவர் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று சொன்னதாகிவிடும். நாகரிகமான எவரும் அப்படிச் சொல்லத் தயங்குவார். அதனால் வுட் பணிவான சொல்லாக இருந்தும் வெளியேறும் கதவைச் சற்றே சாத்திவைக்கிறது. விமானப் பணியாளர் எழுந்து நிற்கும் பயணியிடம் “வுட் யூ ப்ளீஸ் டேக் யுவர் சீட், சார்?” என்று கேட்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கேள்விக்குறி இருக்கிறது, தேர்வு இல்லை.

“வில் யூ ப்ளீஸ் சென்ட் இட்?” என்பதற்கு வரக்கூடிய மறுப்பு “மாட்டேன்” என்பது மட்டுமே. எனவே அதைக் கேட்பவர் பொறுமையிழந்துவிட்டார் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். பேச்சில் ‘வில்’லை அழுத்திச் சொல்லிவிட்டால் அது வசவாகவே மாறிவிடும், பேசும் பையனை அதட்டும் ஆசிரியரின் “வில் யூ சிட் டவுன்?” அந்த வகை. நெருங்கிய நண்பர்களிடையே “வில் யூ கெட் மீ எ காஃபி?” என்பது சாதாரணம், அங்கே அதட்டல் கேட்காது. எழுத்தில் குரல் கேட்காது என்பதால்தான் பழக்கமில்லாதவர்களிடம் இந்த வடிவத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கச் சொல்கிறேன்.

ஆகத் தேர்வு எளிது. ‘முடியாது’ என்ற பதிலை உங்களால் ஏற்றுக்கொள்ள முடியுமென்றால் குட். செய்வது அவர் கடமை என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் வுட். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டிய கட்டத்தில் வில்.

மூன்றாம் படி: கோரிக்கையின் கனத்தை அளங்கள்

கோரிக்கையின் பணிவைத் தீர்மானிப்பவை மூன்று என்று பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழியறிஞர்கள் 1978-இல் வகுத்துச் சொன்னார்கள்: எதிரில் இருப்பவருக்கு நம்மீதுள்ள அதிகாரம், இருவருக்கும் இடையிலுள்ள பழக்கத்தின் தொலைவு, கேட்கும் செயல் அவருக்கு வைக்கும் சுமை. அவர்கள் ஒப்பிட்டு ஆராய்ந்த மூன்று மொழிகளில் ஒன்று கோவை வட்டாரத்துக் கிராமத் தமிழ் என்பது நமக்குச் சுவையான செய்தி. இந்த மூன்றில் புதியவர்கள் அதிகாரத்தை மட்டுமே கணக்கிடுகிறார்கள்; சுமையை மறந்துவிடுகிறார்கள். மேலாளரிடம் ஒரு சுட்டியை அனுப்பச் சொல்ல “குட் யூ ஷேர் த லிங்க், ப்ளீஸ்?” தாராளமாகப் போதும். பக்கத்து இருக்கை நண்பரிடம் சனிக்கிழமை உங்களுக்குப் பதிலாக வேலை பார்க்கச் சொல்வதற்கு அது போதாது. அங்கே, “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் கவர் ஃபார் மீ ஆன் சாட்டர்டே” என்று நேர்க்கேள்வியைக் கூற்றுக்குள் மறைத்துக் கேட்பது பொருத்தம். சுட்டிக்காகவும் இப்படிக் கேட்டால் கிண்டலாகவோ, ஏதோ பெரிய உதவி கேட்பதாகவோ படும்; மேடைத் தமிழில் பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்பதுபோல் இருக்கும்.

ப்ளீஸ் எங்கே நிற்கிறது என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். “குட் யூ ப்ளீஸ்…” என்று நடுவிலோ, வாக்கியத்தின் கடைசியிலோ நின்றால் இயல்பு. “ப்ளீஸ், குட் யூ…” என்று முன்னால் வந்து நின்றால் மன்றாடுவதாக ஒலிக்கும். ஒரு வாக்கியத்தில் இரண்டு ப்ளீஸ் வேண்டவே வேண்டாம்.

ஒரு வழக்கை முழுவதும் பார்ப்போம்

மாரத்தஹள்ளியில் ஒரு படுக்கையறை வீட்டில் மாதம் 18,000 ரூபாய் வாடகைக்கு இருந்த ஒரு பெண் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த அட்வான்ஸ் 1,00,000 ரூபாய். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கும் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இந்த ஊரில் பரவலான வழக்கம். அவருடைய ஒப்பந்தத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது. மீதி 82,000 ரூபாயை அடுத்த மாதம் 10-ஆம் தேதி, புதன்கிழமைக்குள் தருவதாக உரிமையாளர் வாயால் சொல்லியிருக்கிறார்.

சாவியைக் கொடுத்த இரண்டொரு நாளில் அனுப்பும் முதல் செய்தி இப்படி இருக்கலாம்: “குட் யூ ப்ளீஸ் லெட் மீ நோ வென் த பேலன்ஸ் வில் பி டிரான்ஸ்ஃபர்ட்?” இதில் இரண்டு துணைவினைகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. உரிமையாளரை நோக்கிய இடத்தில் குட் இருப்பதால் செய்தி முழுவதும் பணிவாக இருக்கிறது. பணத்தைப் பற்றிய இடத்தில் வில் இருப்பதால், பணம் வருவது உறுதி, எப்போது என்பதே கேள்வி என்று வாக்கியம் எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதே இடத்தில் “இஃப் த பேலன்ஸ் வுட் பி டிரான்ஸ்ஃபர்ட்” என்று எழுதினால், பணம் வருமா என்பதையே கேள்வியாக்கி, பேரத்துக்கான வாசலை நீங்களே திறந்துவைக்கிறீர்கள். மனிதரிடம் மென்மை, விஷயத்தில் உறுதி என்ற இந்தப் பங்கீடு பழகிவிட்டால் கடிதத்தின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

10-ஆம் தேதி பணம் வரவில்லை. மறுநாள் வியாழக்கிழமை இரண்டாவது செய்தி: “த பேலன்ஸ் ஆஃப் 82,000 வாஸ் டியூ யெஸ்டர்டே. வுட் யூ ப்ளீஸ் டிரான்ஸ்ஃபர் இட் பை மண்டே, த ஃபிஃப்டீன்த்?” குட்டுக்குப் பதிலாக இங்கே வுட் வந்ததற்குக் காரணம், அவரால் இயலுமா என்பது இனிக் கேள்வி இல்லை என்பதுதான். தரவேண்டியது என்ற உண்மை முதல் வாக்கியத்தில் தனியாக நிற்கிறது. அதில் குறை கூறும் சொல் எதுவும் இல்லை. கோரிக்கை அடுத்த வாக்கியத்தில் தேதியோடு வருகிறது. தேதியில்லாத வுட் வெறும் மரியாதைதான். தேதிதான் அதற்கு உறுதியைத் தருகிறது.

இந்தக் கட்டத்தில் பலர் “குட் யூ நாட் டிரான்ஸ்ஃபர் இட் எர்லியர்?” என்றோ “குடின்ட் யூ…” என்று தொடங்கியோ எழுதிவிடுகிறார்கள். எதிர்மறையில் வரும் குட் பெரும்பாலும் ‘இதுகூட உங்களால் முடியவில்லையா’ என்ற குத்தலைக் கொண்டுவரும். பணம் கைக்கு வரும்வரை அதைத் தவிர்ப்பதே நல்லது.

திங்கட்கிழமையும் கடந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை மூன்றாவது செய்தி. வில் இப்போதுதான் தன் வேலையைத் தொடங்குகிறது: “வில் யூ டிரான்ஸ்ஃபர் த பேலன்ஸ் பை ஃப்ரைடே, த நைன்டீன்த்? இஃப் ஐ டோன்ட் ரிசீவ் இட் பை தென், ஐ வில் சென்ட் யூ எ ரிட்டன் நோட்டீஸ்.” முதல் வாக்கியம் ஆம், இல்லை என்ற பதிலைக் கேட்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் வில் ‘ஐ’க்குப் பின்னால் வருகிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் செயலைப் பற்றி வில் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அவர் செயலைப் பற்றி “யூ வில் டிரான்ஸ்ஃபர் இட் பை ஃப்ரைடே” என்று எழுதினால் அது கட்டளை. படிப்பவருக்குக் கோபம் மட்டுமே வரும். ‘இஃப்’ வரும் பகுதியில் வில்லைச் சேர்த்து “இஃப் யூ வில் நாட் டிரான்ஸ்ஃபர்” என்று எழுதாதீர்கள். அங்கே வில் எதிர்காலத்தைக் குறிக்காது. ‘நீங்கள் தர மறுத்தால்’ என்று பொருள்பட்டு, அவர் இன்னும் சொல்லாத மறுப்பை நீங்களே அவர் வாயில் வைப்பதாகும். “ஐ வுட் பி ஃபோர்ஸ்ட் டு…” என்று இழுப்பதும் பயன்படாது. வுட் வந்தவுடன் எச்சரிக்கை ‘அப்படி நேர்ந்தால் பார்க்கலாம்’ என்ற அளவுக்கு இளைத்துவிடும்.

இரண்டாவது செய்திக்கும் மூன்றாவது செய்திக்கும் நடுவில் அழுத்தம் கொடுக்காமல் நிலைமையை மட்டும் அறிய வேண்டுமென்றால், இன்னொரு வடிவம் இருக்கிறது: “வில் யூ பி டிரான்ஸ்ஃபரிங் இட் டுடே?” பார்வைக்கு வில் இருந்தாலும் இது கோரிக்கையே அல்ல, ஏற்கெனவே முடிவான திட்டம் என்னவென்று விசாரிப்பது. “வில் யூ கம்?” என்பது வரச்சொல்லிக் கேட்பதற்கும், “வில் யூ பி கமிங்?” என்பது வருகிறாரா என்று தெரிந்துகொள்வதற்கும் உள்ள அதே வேறுபாடுதான். அலுவலகத்திலும் கூட்டத்துக்கு முன்னால் மேலதிகாரியிடம் கேட்க இதுவே பாதுகாப்பான வடிவம்.

பதில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

கோரிக்கை உங்களிடம் வரும்போது அதே துணைவினையைத் திருப்பி எழுதாதீர்கள். “குட் யூ செக் திஸ்?” என்பதற்கு “யெஸ், ஐ குட்” என்பது தவறான பதில், கேட்பவருக்கு ‘முடியும்தான், ஆனால்…’ என்று இழுப்பது போலப் படும். “யெஸ், ஐ கேன்” அல்லது “ஷ்யூர், ஐ வில்” என்று எழுதவேண்டும். கேட்பதில் தள்ளிநிற்பது பணிவு. ஒப்புக்கொள்வதில் தள்ளிநிற்பது தயக்கம்.

இந்திய ஆங்கிலத்தில் ஊறிப்போன ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வில் முரட்டுத்தனமானது, வுட் மரியாதையானது என்ற எண்ணத்தில் நாம் வாக்குறுதியிலும் வுட் போட்டுவிடுகிறோம்: “ஐ வுட் சென்ட் த ரிப்போர்ட் பை ஈவினிங்.” இங்கே உள்ளவர்களுக்கு இது புரிந்துவிடும். வெளிநாட்டுக் குழுவில் இருப்பவரோ இதை ‘அனுப்பியிருப்பேன், ஆனால்…’ அல்லது ‘ஏதோ நிபந்தனை நிறைவேறினால் அனுப்புவேன்’ என்று படிப்பார். அந்த நிபந்தனை என்ன என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தால், அது உங்கள் வுட்டின் விளைவு. “த மீட்டிங் வுட் பி அட் த்ரீ” என்ற அறிவிப்பும் அப்படியே. உங்கள் செயலுக்கும், முடிவான நிகழ்ச்சிக்கும் எப்போதும் வில்.

‘வுட் யூ மைண்ட்’ தனி வகை. அதன்பின் வரும் வினை ‘இங்’ ஈற்றோடு நிற்கவேண்டும்: “வுட் யூ மைண்ட் சென்டிங் இட் அகெய்ன்?” ‘மைண்ட் டு சென்ட்’ என்பது வழக்கில் இல்லை. ஆட்சேபணை உண்டா என்பதே கேள்வி. ஆகவே ஒப்புக்கொள்பவர் “நாட் அட் ஆல்” என்று சொல்லவேண்டும். அவசரத்தில் “யெஸ்” என்று எழுதிவிட்டால் ஆட்சேபணை உண்டு என்று பொருள் வந்துவிடும். எழுத்தில் “ஷ்யூர், ஐ வில் சென்ட் இட் நௌ” என்றால் குழப்பமே இல்லை.

மேலாளர் உங்களிடம் “குட் யூ லுக் அட் திஸ் டுடே?” என்று கேட்டால், நீங்கள் கேட்கும் குட்டின் அளவிலேயே அதை எடைபோடக் கூடாது. அதிகாரம் உள்ளவர் வாயில் வரும் குட் பெரும்பாலும் பணி ஒப்படைப்புதான். “ஐ வில் ட்ரை” என்று பொதுவாக எழுதிவைப்பதைவிட, செய்ய முடியுமானால் நேரத்தைச் சொல்லியும், முடியாவிட்டால் தடையாக இருக்கும் வேலையைச் சொல்லியும் உடனே பதில் எழுதுவது நல்லது. அவர் அதையே “வுட் யூ ப்ளீஸ்” என்று இரண்டாம் முறை கேட்கிறார் என்றால் முதல் பதில் அவருக்குப் போதவில்லை என்று கொள்ளுங்கள்.

தொலைபேசியில் ஒப்புக்கொண்டால்

நம்முடைய வழக்கில், மூன்றாவது செய்தியைப் பார்த்த உரிமையாளர் எழுத்தில் எதுவும் சொல்லாமல் தொலைபேசியில் அழைத்து, வெள்ளிக்கிழமை போட்டுவிடுகிறேன் என்கிறார். எழுதிப் பதிலளிக்க விரும்பாதவர்கள் இப்படிச் செய்வது வழக்கம். அழைப்பு முடிந்த கையோடு எழுதவேண்டிய வரி: “தேங்க் யூ ஃபார் த கால். அஸ் வீ டிஸ்கஸ்ட், யூ வில் பி டிரான்ஸ்ஃபரிங் 82,000 ஆன் ஃப்ரைடே, த நைன்டீன்த்.” முன்பு கூடாது என்று சொன்ன ‘யூ வில்’ இங்கே பொருந்துகிறது, ஏனென்றால் இது உத்தரவு அல்ல, அவரே சொன்னதைத் திருப்பிச் சொல்லும் குறிப்பு. கேள்வி வடிவில் எழுதி, ஒப்புக்கொண்ட ஒன்றை மறுபடியும் அவர் முடிவுக்கு விடாதீர்கள். தேதியிலோ தொகையிலோ அவருக்கு மாறுபாடு இருந்தால், இந்த வரிக்குக் கீழே அவரே எழுதியாக வேண்டியிருக்கும்.